போட்ட ஊசிக்கு நினைவூட்டல் எதற்கு?

சங்கரன்கோவில் வட்டாரத்துக் குழந்தைநல கிளினிக்குகளுக்கு நினைவூட்டல் நிரல் எழுதித் தரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

நானும் உங்களைப் போல் இதே தொழிலில் இருப்பவன்தான். நம் வட்டாரத்தில் நான் திறந்து பார்த்த தடுப்பூசி நினைவூட்டல் நிரல்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கின்றன. நள்ளிரவில் ஒரு முறை ஓடி, யாருக்கு எந்தத் தவணை பாக்கி என்று பட்டியல் எடுக்கின்றன. காலை ஒன்பது மணிக்கு அந்தப் பட்டியலில் உள்ள எல்லா எண்களுக்கும் குறுஞ்செய்தி போகிறது. இடையில் என்ன நடந்தது என்று நிரல் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு செய்தியும் கிளம்பும் நேரத்தில், "இந்தக் குழந்தைக்கு இந்த ஊசி ஏற்கெனவே போட்டாகிவிட்டதா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கேட்பதற்குச் சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் "போட்டாகிவிட்டது" என்று எதை வைத்துச் சொல்வது என்று உட்கார்ந்து யோசித்தால்தான் அதன் ஆழம் தெரியும்.

போன வருடம் ஒரு கிளினிக்கில் நான் கண்ணால் பார்த்தது இது. வியாழக்கிழமை காலை. விசைத்தறிக்குப் போகும் கணவனின் போனையும் குழந்தையையும் கையில் வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் வரவேற்பு மேசை முன் நின்றார். "உங்கள் குழந்தையின் தடுப்பூசித் தவணை தவறிவிட்டது. உடனே அழைத்து வரவும்" என்று போனில் செய்தி. மறுகையில் இருந்த தடுப்பூசி அட்டையில் முந்தின நாள் தேதியும் நர்ஸின் கையெழுத்தும் நீல மையில் தெளிவாக இருந்தன. "அக்கா, நேத்து போட்டது சரியாப் போடலையா? திரும்பப் போடணுமா?" என்று அவர் கேட்டார். ஊசி போட்ட இரவு முழுக்கக் காய்ச்சலில் அழுத பிள்ளையை மறுநாளே மறுபடி தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டாவது முறை ஊசி போட்டுவிடும் ஆபத்து பெரிதாக இல்லை. போடுமுன் அட்டையைப் பார்ப்பது நர்ஸ்களுக்கு வழக்கம். அந்த அட்டைதான் கடைசிக் காவல். சேதம் வேறு இடத்தில் நடக்கிறது. அடுத்த மாதம் உண்மையிலேயே தவணை தவறும்போது அதே கிளினிக்கிலிருந்து அதே வாசகம் வரும். அப்போது அந்த வீட்டில், "இவனுங்க போட்டாலும் அனுப்புவானுங்க" என்றுதான் பேச்சு இருக்கும்.

ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு தேதி தேதியாகப் போய்ப் பார்ப்போம். 2025 ஜனவரி 1, புதன்கிழமை பிறந்த குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு அட்டவணைப்படி பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி இது. இந்தியாவில் இதை அரசுத் திட்டத்தில் முதலில் போடத் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும், 2011 டிசம்பரில். நம் குழந்தைக்கு பிப்ரவரி 12, மார்ச் 12, ஏப்ரல் 9 என்று மூன்று தேதிகள் வரும். மூன்றுமே புதன்கிழமை, தமிழ்நாட்டில் தடுப்பூசி நாளும் புதன்தான். பிறந்த தேதியைப் பதிவு செய்த அன்றே நம் நிரல் இந்த மூன்று தேதிகளையும் கணக்கிட்டு, மூன்று நினைவூட்டல்களையும் வரிசையில் போட்டுவிடுகிறது.

பிப்ரவரி 12 அன்று குழந்தைக்கு நல்ல காய்ச்சல். டாக்டர் இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, பிப்ரவரி 26 அன்று முதல் ஊசி போடுகிறார். இரண்டு பென்டாவேலன்ட் ஊசிகளுக்கு இடையில் குறைந்தது நான்கு வாரம் வேண்டும். ஆகவே இரண்டாம் ஊசி மார்ச் 26-க்கு முன் போடவே கூடாது. நம் நிரலோ பிறந்த தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு மார்ச் 12 காலை, "இன்று இரண்டாம் தவணை" என்று அனுப்பும். தாய் வருவார், நர்ஸ் அட்டையைப் பார்த்து, இன்னும் நாள் இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார். முடிந்த வேலைக்கு நச்சரிப்பதும் இன்னும் வேளை வராத வேலைக்கு நச்சரிப்பதும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். நேற்று கணக்கிட்டு வைத்த தேதியை இன்று நம்புவதால்தான் இரண்டும் வருகின்றன.

இதே சங்கடத்தை நாடே பெரிய அளவில் பார்த்தது. 2021 மே 13 அன்று கோவிஷீல்டு இரண்டு ஊசிகளுக்கு இடையிலான இடைவெளியை மத்திய அரசு 6–8 வாரத்திலிருந்து 12–16 வாரமாக உயர்த்தியது. முதல் ஊசி போட்ட நாளிலேயே இரண்டாவதன் தேதியை எழுதி வைத்திருந்த எந்தப் பதிவேடும், கணினியோ காகிதமோ, அன்று மாலைக்குள் பழசாகிவிட்டது. எனவே அட்டவணையில் தேதியைச் சேமிக்காதீர்கள். விதியைச் சேமியுங்கள்: எந்த நோய்க்கு எதிரான ஊசி, எத்தனையாவது தவணை, குறைந்தபட்ச வயது, முந்தைய தவணையிலிருந்து குறைந்தபட்ச இடைவெளி. அனுப்பும் காலையில், அன்றைய பதிவை வைத்து நிரல் தேதியைக் கணக்கிடட்டும். அது நொடியில் முடிகிற வேலை.

அடுத்து, "போட்டாகிவிட்டது" என்பதை எந்தப் பெயரில் தேடுகிறோம் என்பது. அரசு மருத்துவமனையில் பென்டாவேலன்ட் போட்டுக்கொண்ட பிள்ளைக்கு அடுத்த தவணையைத் தனியார் கிளினிக்கில் ஹெக்ஸாவேலன்டாகப் போடுவது உண்டு. அதில் அந்த ஐந்தோடு போலியோ ஊசியும் சேர்ந்திருக்கும். பதிவில் `HEXA` என்று இருக்கும், நம் நிரல் `PENTA` என்று தேடும். இல்லை என்று பதில் வரும், செய்தி கிளம்பிவிடும். சோதனை நடந்தது, விடை மட்டும் தவறு. இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதும் கடினம், ஏனென்றால் நிரலில் சோதிக்கும் வரி கண்ணெதிரே இருக்கிறது. மருந்தின் வியாபாரப் பெயரையோ கலவைப் பெயரையோ வைத்துத் தேடாமல், அது எந்தெந்த நோய்க்கு எதிரானதோ அத்தனைக்கும் தனித்தனி வரியாகப் பதிவு செய்வதுதான் வழி. ஒரு ஹெக்ஸாவேலன்ட் போட்டால் ஆறு வரிகள். அப்படிச் செய்தால் இன்னொரு தவறும் நிற்கும்: ஹெக்ஸாவேலன்ட் போட்டுவிட்டதால் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின் நினைவூட்டலும் சேர்ந்து அடங்கிவிடாது. அது தனிக் கணக்கு, தனியாகவே நினைவூட்டப்பட வேண்டும்.

அந்தச் சோதனையை எங்கே வைப்பது? பட்டியல் எடுக்கும்போது ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு தனியாக அனுப்பினால் போதாது. இரண்டுக்கும் நடுவில் மேசையில் ஒருவர் பதிவைத் திருத்தியிருக்கலாம். நிரலே தவறுதலாக இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். சோதிப்பதும் "இதை நான் அனுப்பப் போகிறேன்" என்று உரிமை எடுப்பதும் தரவுத்தளத்தில் ஒரே கட்டளையாக நடக்கட்டும்:

```sql
UPDATE reminder r
   SET state = 'SENDING'
 WHERE r.id = 412
   AND r.state = 'PENDING'
   AND (SELECT COUNT(*) FROM given g
         WHERE g.child_id = r.child_id
           AND g.antigen = 'DIPHTHERIA') < r.dose_no;
```

எத்தனை வரி மாறியது என்று தரவுத்தளம் திருப்பிச் சொல்லும். 1 என்றால் தவணை இன்னும் பாக்கி, வேறு யாரும் இதை எடுக்கவில்லை, அனுப்பலாம். 0 என்றால் ஊசி போட்டாகிவிட்டது, அல்லது வேறோர் ஓட்டம் இதை எடுத்துக்கொண்டது. கை வைக்க வேண்டாம். அனுப்பி முடித்ததும் `SENT` என்று மாற்றுங்கள். நடுவில் மின்சாரம் போய் `SENDING` என்றே நின்றுவிட்ட வரிகளை நிரல் தானாக மறுபடி அனுப்பக் கூடாது. செய்தி போனதா இல்லையா என்று நமக்குத் தெரியாத நிலை அது. அவற்றைத் தனியே காட்டி, மேசையில் இருப்பவர் பார்த்து முடிவெடுக்கட்டும்.

நாம் அனுப்பிய பிறகும் ஓர் இடைவெளி உண்டு. போன் அணைந்திருந்தால் குறுஞ்செய்தி தொலைபேசி நிறுவனத்தின் மையத்தில் காத்திருந்து, போன் உயிர் பெற்றதும் வந்து சேரும். காலையில் நாம் சரியாக அனுப்பியது, ஊசி போட்டு வீடு திரும்பிய பிறகு இரவில் வந்து நிற்கலாம். செய்தி எவ்வளவு நேரம் செல்லுபடியாகும் என்று காலாவதி குறிப்பிட எஸ்எம்எஸ் நெறிமுறையிலேயே இடம் இருக்கிறது. உங்களுக்குச் சேவை தருபவர் அந்த வசதியைத் தருகிறாரா என்று கேட்டு, தடுப்பூசி நேரம் முடிவதற்குள் காலாவதியாகும்படி வையுங்கள். தராவிட்டால் செய்தியிலேயே "12-03 காலை 9 மணிப் பதிவுப்படி" என்று ஒரு தொடர் சேர்த்தால் போதும். தாமதமாக வந்தாலும் படிப்பவருக்கு விஷயம் விளங்கும்.

இதையெல்லாம் பிசகில்லாமல் செய்தாலும், மேலே சொன்ன வியாழக்கிழமைச் சம்பவம் நடந்தே இருக்கும். ஏனென்றால் அங்கே நிரல் பதிவைப் பார்க்காமல் அனுப்பவில்லை. பார்த்தது, ஆனால் பதிவு காலியாக இருந்தது. புதன்கிழமை கூட்டத்தில் நர்ஸ் அட்டையிலும் நோட்டுப் புத்தகத்திலும் எழுதிக்கொண்டே போவார். கணினியில் ஏற்றுவது மாலையில், இல்லாவிட்டால் மறுநாள் மத்தியானம். ஆடித்தபசு சமயத்தில் ரதவீதிகள் அடைத்துக் கிடக்கும் நாட்களில் இன்னும் பிந்தும். ஊசி போட்ட நேரத்துக்கும் அது கணினிக்குத் தெரிந்த நேரத்துக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளிதான் நச்சரிப்பின் உண்மையான ஊற்று என்று நான் நினைக்கிறேன். அதை எத்தனை நேர்த்தியான கட்டளையும் அடைக்காது.

இதற்கு நான் பரிந்துரைப்பது ஒரு பொத்தான். "புதன் பதிவு முடிந்தது" என்று மேசைத் திரையில் இருக்கட்டும். நோட்டில் உள்ள கடைசி வரியையும் ஏற்றிய பிறகு அதை அழுத்துவார்கள். "தவறிவிட்டது" வகைச் செய்திகள் அந்தப் பொத்தான் அழுத்தப்பட்ட பிறகே கிளம்ப வேண்டும். "நாளை தவணை" என்று முன்கூட்டி அனுப்புவதற்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. வியாழன் மாலைக்குள் யாரும் பொத்தானை அழுத்தவில்லை என்றால் நிரல் பேசாமல் இருந்துவிடவும் கூடாது. அப்போது அது நினைவூட்ட வேண்டியது கிளினிக் மேசையைத்தான். பதிவு முடியாததால் நினைவூட்டலே போகாமல் நின்றுவிட்டால் நிஜமாகத் தவறவிட்ட பிள்ளைகளுக்குக் கேடு.

உங்கள் கிளினிக்கில் இந்த இடைவெளி எவ்வளவு என்று அறிய, ஊசி போட்ட தேதியோடு பதிவேற்றிய நேரத்தையும் தனியாகச் சேமியுங்கள். ஊசி போட்டது நினைவூட்டலுக்கு முன், பதிவேறியது நினைவூட்டலுக்குப் பின் என்று இருக்கும் வரிகளை வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குப் போன தவறான செய்தி. யாரும் புகார் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இனி, இந்த விஷயத்தில் நம் ஊருக்கே உரிய கடினமான பகுதி. தலைப்பிரசவம் தாய்வீட்டில். சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்ட பெண் ராஜபாளையத்திலோ கோவில்பட்டியிலோ புளியங்குடியிலோ பெற்றுக்கொண்டு, மூன்று மாதம், ஐந்து மாதம் என்று அங்கேயே இருப்பார். பிள்ளைக்கு முதல் இரண்டு தவணையும் அந்த ஊர் சுகாதார நிலையத்தில் போட்டாகிவிடும். நம் கிளினிக்கின் கணினிக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் பிறந்த தேதியைக் கணவர் வந்து கொடுத்துவிட்டுப் போயிருப்பார். நம் நிரல் "பதிவில் இல்லை" என்பதை "போடவில்லை" என்று படிக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. போட்டாகிவிட்டது, போடவில்லை, தெரியவில்லை என்று மூன்று விடைகள் உண்டு. நிரலில் மூன்றாவதற்கு இடமில்லை.

வீடு வீடாகப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர் இதை எப்படிக் கையாள்கிறார் என்று கவனியுங்கள். அவர் கையிலும் பாக்கிப் பட்டியல் இருக்கும். ஆனால் தெருவுக்குள் நுழையும்போதே அங்கன்வாடியில், "அந்த மூணாவது வீட்டுப் பிள்ளை அம்மா வீட்லேருந்து வந்துட்டா?" என்று கேட்டுவிடுவார். வந்திருந்தால் வாசலில் நின்று முதலில் கேட்பது அட்டையைத்தான். "ஏன் போடலை?" என்று ஆரம்பிக்க மாட்டார். நம் நிரலும் தெரியாத இடத்தில் கேட்கட்டும். "10 வார ஊசி எங்கள் பதிவில் இல்லை. வேறு இடத்தில் போட்டிருந்தால் இந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்" என்று ஒரு வாசகம் போதும். வணிகக் குறுஞ்செய்திகளுக்கு டிராய் விதிப்படி வாசகத்தை முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும் என்பதால், கேட்கும் வாசகத்தையும் சொல்லும் வாசகத்தையும் இரண்டு வார்ப்புருக்களாக இப்போதே பதிந்து வையுங்கள். தேவைப்படும் நாளில் ஒன்றை வளைத்து இன்னொன்றாக்க முடியாது.

மிஸ்டு கால் வந்தால் நினைவூட்டலை நிறுத்துங்கள். ஆனால் அதை "போட்டாகிவிட்டது" என்று எழுதாதீர்கள். "வீட்டார் சொன்னது" என்று எழுதுங்கள். அடுத்த வருகையில் நர்ஸ் அட்டையைப் பார்த்து உறுதி செய்ததும் அது முழுப் பதிவாகட்டும். நச்சரிப்பை நிறுத்த வீட்டார் வார்த்தை போதும். ஊசிக் கணக்குக்கு அட்டைதான் வேண்டும்.

பதிவு இருந்தும் கிடைக்காமல் போவது இன்னொரு வகை. கோவின் தளத்தில் முதல் ஊசிக்கு ஒரு போன் எண்ணும் இரண்டாவதற்கு வேறோர் எண்ணும், அல்லது வேறு அடையாள அட்டையும் கொடுத்தவர்களுக்கு இரண்டு "முதல் தவணை"ச் சான்றிதழ்கள் வந்தன. ஊசி இரண்டும் உடம்பில் இருந்தன. கணினிக்கு அவர் பாதி ஊசி போட்ட இருவர். பிறகு அவற்றை இணைக்கும் வசதியைத் தளத்தில் கொண்டுவர வேண்டியதாயிற்று. நம்மிடம் இது இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் போன் எண்ணையே குழந்தையின் அடையாளமாக வைக்கிறோம். இரட்டைக் குழந்தைகளுக்கு ஒரே எண். சிம் மாற்றினால் புதிய ஆள். கர்ப்பப் பதிவின்போது தாய்க்குக் கிடைக்கும் பிக்மி எண் தாய்-சேய் அட்டையிலேயே இருக்கிறது. அதோடு பிறந்த தேதியையும், இரட்டையர் என்றால் பிறப்பு வரிசையையும் சேர்த்து அடையாளமாக வையுங்கள். போன் எண், செய்தி போய்ச் சேர வேண்டிய முகவரி மட்டுமே.

ஒரு விஷயத்தை எழுதத் தயங்கினேன், ஆனால் எழுதாமல் விட முடியாது. குழந்தை இறந்துபோன வீட்டுக்கு 14 வார ஊசியின் நினைவூட்டல் போவதை எந்தச் சோதனையும் தானாகத் தடுக்காது. பதிவுப்படி அந்த ஊசி என்றும் பாக்கிதான். ஆகவே கிளினிக்கில் வேலை பார்க்கும் யார் வேண்டுமானாலும், காரணம் எழுதாமல், ஒரே தட்டில் ஒரு குழந்தைக்கான எல்லா நினைவூட்டல்களையும் நிறுத்தும் வழி திரையில் இருக்க வேண்டும். தேதி கேட்கக் கூடாது, "உறுதியாகவா?" என்று இரண்டு முறை கேட்கக் கூடாது. அதை மீட்பதற்கு மட்டும் டாக்டரின் அனுமதி தேவைப்படட்டும்.

கடைசியாக, இந்த வேண்டுகோளை நீங்கள் ஏற்றுக்கொண்டு நிரலைத் திருத்தினால் வரக்கூடிய எதிர்த் தவறு. தவறாகப் போன செய்திக்கு யாராவது மேசைக்கு வந்து கேட்பார்கள். தவறாக அடக்கப்பட்ட செய்திக்கு யாரும் வரமாட்டார்கள். அண்ணன் பிள்ளையின் வரியில் தம்பி பிள்ளையின் ஊசியை ஏற்றிவிட்டால், அண்ணன் பிள்ளைக்குப் போக வேண்டிய நினைவூட்டல் சத்தமில்லாமல் நின்றுவிடும். அதனால் அனுப்பாமல் விட்ட ஒவ்வொன்றையும் பதிவு செய்யுங்கள்: எந்தக் குழந்தை, எந்தத் தவணை, எந்தப் பதிவை நம்பி நிறுத்தினோம், அந்தப் பதிவை யார் எப்போது ஏற்றினார். வாரம் ஒருமுறை அதிலிருந்து ஐந்தாறு பெயரை எடுத்து, நோட்டுப் புத்தகத்தோடு மேசையில் ஒருவர் ஒத்துப் பார்க்கட்டும். நோட்டில் இல்லாமல் கணினியில் மட்டும் இருக்கும் ஊசி ஒன்று அகப்பட்டாலும், அன்றே அந்த வீட்டுக்கு போன் போட்டு அட்டையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலுக்கான திரையை உங்கள் நிரலில் சேர்க்க உதவி வேண்டுமென்றால், புதன்கிழமை தவிர எந்த நாளானாலும் வந்து உட்கார்ந்து செய்து தருகிறேன். புதன் அன்று நான் ஒரு கிளினிக் மேசையில் நோட்டைப் பார்த்துப் பதிவேற்றிக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்
சங்கரன்கோவில்